இங்கிலீஷ் தாய்மொழி இல்லாத பையருக்கு மெயில் எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகளின் மெயிலைத் திருத்துகிற வேலையும் எப்படியோ என் தலையில் விழுந்துவிட்டது. நம்மிடம் சரக்கு வாங்குகிற பையர்கள் இருக்கும் ஜெர்மனி, ஸ்பெயின், இத்தாலி, ஜப்பான், அப்புறம் நாம் ஜிப்பும் லேபிளும் வாங்குகிற சீனா என்று நம் மெயிலைப் படிக்கிறவர்களில் பெரும்பாலோருக்கு ஆங்கிலம் தாய்மொழி இல்லை. எல்லாரும் ஒரே சந்தேகத்தையே மாற்றி மாற்றிக் கேட்பதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

நமக்கும் இங்கிலீஷ் தாய்மொழி கிடையாது, அவங்களுக்கும் கிடையாது. அப்ப தானாவே சிம்பிளாத்தானே வரும்?

வராது. நம்முடைய அலுவலக ஆங்கிலம் பழைய சர்க்கார் கடிதங்களிலிருந்து இறங்கி வந்தது. 'டூ த நீட்ஃபுல்' என்று எழுதினால் நம் ஊரில் யாருக்கும் சந்தேகம் வராது. ஜெர்மனியில் இருப்பவர் அகராதியைத் திறந்தால் 'தேவையானதைச் செய்யவும்' என்று கிடைக்கும். எது தேவை என்று எந்த அகராதியும் சொல்லாது. 'ப்ரீபோன்', 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' எல்லாம் இந்தியாவுக்கு வெளியே அனேகமாக யாருக்கும் தெரியாத சொற்கள். 'ஐ ஹேவ் எ டவுட் இன் யுவர் மெஷர்மென்ட் சார்ட்' என்று எழுதினால், நாம் கேள்வி கேட்கிறோம் என்று அவர் எடுத்துக்கொள்ள மாட்டார், அவருடைய சார்ட்டையே நம்பவில்லை என்றுதான் படிப்பார்.

என்னைச் சுட்ட சொல் 'ரிவெர்ட்'. நாம் அதைப் 'பதில் சொல்லுங்கள்' என்கிற பொருளில் எழுதுகிறோம். மற்ற நாடுகளில் பலருக்கும் தெரிந்த பொருள் 'பழைய நிலைக்குத் திரும்பு' என்பது. காலர் ரிப்பை மாற்றிய ஒரு ஸ்டைலுக்கு, பையரின் கருத்தைக் கேட்டு 'ப்ளீஸ் ரிவெர்ட் ஆன் த காலர்' என்று ஒரு வரி எழுதினேன். பழைய காலருக்கே திரும்பச் சொல்கிறேன் என்று அவர் எடுத்துக்கொண்டார். ஏன் திரும்பவேண்டும் என்று அவர் கேட்க, நான் எதைச் சொல்கிறார் என்று புரியாமல் முழிக்க, இரண்டு நாள் போயிற்று. அன்றிலிருந்து 'ரிப்ளை' மட்டும்தான்.

ஒரு வாக்கியம் எத்தனை வார்த்தை வரைக்கும் போகலாம்?

இதற்கு ஒரு நல்ல அளவுகோல் ஏற்கெனவே இருக்கிறது. விமானப் பராமரிப்புக் கையேடுகளை உலகம் முழுக்கப் பல மொழிக்காரர்கள் படித்து வேலை செய்யவேண்டியிருப்பதால், அந்தத் துறையினர் 1980களில் ஐரோப்பாவில் ஓர் எளிய ஆங்கிலத்தை விதிபோட்டு உருவாக்கினார்கள். இப்போது அதன் பெயர் ASD-STE100. செய்யவேண்டியதைச் சொல்லும் வாக்கியம் 20 சொல்லைத் தாண்டக்கூடாது, விவரம் சொல்லும் வாக்கியம் 25 சொல்லைத் தாண்டக்கூடாது என்பது அதிலுள்ள விதி. என்ஜின் கழற்றுகிறவருக்கே அது போதும் என்றால் டி-ஷர்ட்டுக்கு தாராளம்.

ஆனால் நான் பிள்ளைகளிடம் சொற்களை எண்ணச் சொல்வதில்லை. 'ஹென்ஸ்', 'அண்ட் த சேம்', 'விச்' என்று வாக்கியத்தின் நடுவில் வரும் கொக்கிகளைத்தான் தேடச் சொல்கிறேன். கொக்கி இருக்கிற இடத்தில் முற்றுப்புள்ளி வைத்துவிட்டால் பெரும்பாலும் நீளம் தானாகவே சரியாகிவிடும்.

நிஜ மெயில் ஒண்ணை எடுத்து உடைச்சுக் காட்டுங்களேன்.

எங்களிடம் வாராவாரம் எழுதப்படுகிற ரகம் இது. எண்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

```
With reference to the trailing mail, kindly note that we are
in the process of bulk dyeing for navy and the same would have
been completed by last week if not for the delay in your lab
dip comments, hence request you to bear with us and do the
needful to extend the ship date by one week and revert at the
earliest.
```

ஒரே வாக்கியம், 63 சொல். இதில் பையர் செய்யவேண்டிய வேலை ஒன்றே ஒன்றுதான்: ஷிப்மென்ட் தேதியை ஒரு வாரம் தள்ளி ஒப்புக்கொள்ளவேண்டும். அது கடைசி வரியில் ஒளிந்திருக்கிறது. 'வுட் ஹேவ் பீன் கம்ப்ளீட்டட்' என்ற இடத்தில், டையிங் முடிந்ததா முடியவில்லையா என்று இலக்கணம் நன்றாகத் தெரிந்தவர்தான் கண்டுபிடிக்க முடியும். அரைகுறையாகப் படிக்கிறவர் கண்ணில் 'கம்ப்ளீட்டட்', 'லாஸ்ட் வீக்' என்ற இரண்டும்தான் படும். போன வாரமே முடிந்துவிட்டது என்று நிம்மதியாகிவிடுவார். 'ஒன் வீக்' எந்தத் தேதியிலிருந்து என்பதும் இல்லை. நடந்தது என்னவென்றால், அவர் 'ஓகே நோட்டட்' என்று பதில் போட்டார், நாம் தேதி கிடைத்துவிட்டது என்று நினைத்தோம், அவருடைய சிஸ்டத்தில் பழைய தேதியே இருந்தது. திருத்தியது இப்படி:

```
Subject: PO 4471 navy - please confirm new ship date

Please confirm a new ship date for PO 4471, navy.
Old date: Thursday 14 August 2025
New date: Thursday 21 August 2025

Reason: We needed the lab dip approval on 11 July.
We received it on 18 July.
Bulk dyeing started on 21 July. It is not finished.
It will finish on 30 July.

Please reply by Monday 28 July.
```

கேட்கவேண்டியது முதல் வரிக்கு வந்துவிட்டது. தாமதத்துக்கு யார் காரணம் என்பதைக் குற்றம் சாட்டாமல் இரண்டு தேதிகளே சொல்லிவிட்டன, அதோடு பின்னால் ஏர் ஃப்ரைட் செலவு யார் தலையில் என்று பேச்சு வந்தால் இந்த இரண்டு வரியும் கைகொடுக்கும். 'இட் இஸ் நாட் ஃபினிஷ்ட்' என்று தனி வாக்கியம் போட்டது பலருக்கு அசிங்கமாகத் தெரிகிறது, ஆனால் முதல் மெயிலில் தொலைந்துபோனதே அந்த ஒரு விஷயம்தான்.

இடியம் எல்லாம் நான் எழுதறதே இல்லைங்க. எனக்குத் தெரிஞ்சாத்தானே எழுத?

'பால் இஸ் இன் யுவர் கோர்ட்' என்று எழுதினால்தான் இடியம் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் தொல்லை கொடுப்பவை இரண்டு குட்டிச் சொல் சேர்ந்த வினைகள். 'புட் ஆஃப்', 'கால் ஆஃப்', 'ஹோல்ட் ஆஃப்', 'ஹோல்ட் அப்'. 'கால்' என்றால் கூப்பிடு, 'ஆஃப்' என்றால் அணை. இரண்டும் தெரிந்தவருக்கும் 'கால் ஆஃப்' என்றால் ரத்து செய் என்று எப்படித் தெரியும்? நம் மொழியில் 'கைவிடு' என்பதைக் கை, விடு என்று பிரித்துப் படிக்கிற வெளிநாட்டுக்காரர் நிலைமைதான் அவருக்கும். அதிலும் 'ஹோல்ட் ஆஃப் த கட்டிங்' என்றால் கட்டிங்கை இன்னும் ஆரம்பிக்காதே என்று பொருள், 'த கட்டிங் இஸ் ஹெல்ட் அப்' என்றால் ஏதோ காரணத்தால் தடைபட்டு நிற்கிறது என்று பொருள். 'டு நாட் ஸ்டார்ட் கட்டிங்' என்று எழுதிவிட்டால் யாரும் குழம்பமாட்டார்கள்.

அப்ப சின்னச் சின்ன வார்த்தையா போட்டா போதும், அதானே?

இங்கேதான் எல்லாரும் வழுக்குவது. 'சின்னச் சொல் எளிது' என்பது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்குச் சொன்ன அறிவுரை. ஸ்பெயின்காரருக்கு 'புட் ஆஃப்' கஷ்டம், 'போஸ்ட்போன்' சுலபம், ஏனென்றால் அவர் மொழியிலேயே 'போஸ்போனேர்' என்று இருக்கிறது. 'கேன்சல்' அவருக்கு 'கான்செலார்', 'கன்ஃபர்ம்' அவருக்கு 'கொன்ஃபிர்மார்'. இத்தாலி, பிரான்ஸ், போர்ச்சுகல் எல்லாம் ஏறக்குறைய இதே கதை, லத்தீன் வழிச் சொற்கள் அவர்களுக்கு வீட்டுச் சொற்கள். ஜப்பான், சீனா பக்கம் அந்த உறவு இல்லை, ஆனால் அவர்களும் 'போஸ்ட்போன்' என்ற ஒற்றைச் சொல்லை அகராதியில் ஒரே தடவையில் பிடித்துவிடலாம். 'புட்' என்று தேடினால் பக்கம் பக்கமாக ஓடும்.

ஆகவே நீளத்தைப் பார்க்காதீர்கள். அகராதியில் பார்த்தால் ஒரே பொருள் கிடைக்குமா என்று பாருங்கள்.

ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பப் போட்டா ஸ்கூல் பையன் எழுதின மாதிரி இருக்காதா?

இருக்கட்டும். பள்ளிக்கூடத்தில் கட்டுரைக்குச் சொல்லிக்கொடுத்ததை இங்கே மறந்துவிடவேண்டும். முதல் வரியில் 'ஷிப்மென்ட்', அடுத்த வரியில் 'கன்சைன்மென்ட்', மூன்றாவது வரியில் 'த லாட்' என்று அழகாக மாற்றி எழுதிய ஒரு பிள்ளைக்கு, 'மூன்றும் தனித்தனியா, எது முதலில் வருகிறது?' என்று ஜப்பானிலிருந்து கேள்வி வந்தது. கேட்டவர் மேல் தப்பே இல்லை. மேலே சொன்ன விமானக் கையேட்டு ஆங்கிலத்திலும் ஒரு சொல்லுக்கு ஒரே பொருள், ஒரு பொருளுக்கு ஒரே சொல் என்பதுதான் அடிப்படை. அங்கே 'ஃபாலோ' என்ற சொல்லுக்கு 'பின்னால் வருவது' என்ற பொருள் மட்டும்தான் உண்டு, விதியைப் பின்பற்றச் சொல்லவேண்டுமென்றால் 'ஒபே' என்றுதான் எழுதவேண்டும். நாம் அந்த அளவுக்குப் போகவேண்டாம்.

'த சேம்', 'இட்', 'திஸ்' இவற்றுக்கும் இதேதான். எதைச் சொல்கிறோம் என்று ஒரு நொடி யோசிக்கவேண்டியிருந்தால் பெயரையே மறுபடி எழுதுங்கள். லேப் டிப்பைப் பற்றியும் ஸ்ட்ரைக் ஆஃபைப் பற்றியும் பேசிவிட்டு 'ப்ளீஸ் அப்ரூவ் த சேம்' என்றால் எதை அப்ரூவ் செய்வது?

லேப் டிப், ஸ்ட்ரைக் ஆஃப், பிபி சாம்பிள் இதெல்லாமும் கஷ்டமான வார்த்தைதானே? விளக்கி எழுதணுமா?

வேண்டாம். அவை இந்தத் தொழிலில் எல்லாருக்கும் சோறு போடுகிற சொற்கள், மிலானோ ஒசாகாவோ அதே பொருள்தான். அதை விளக்கி எழுதினால்தான் குழப்பம். நம் ஆலைக்குள் மட்டும் புழங்குகிற சுருக்கெழுத்துகளை, நாமே வைத்துக்கொண்ட ஸ்டைல் செல்லப்பெயர்களைத்தான் வெளியே அனுப்பக்கூடாது. பையரின் பர்ச்சேஸ் ஆர்டரில் என்ன பெயர் இருக்கிறதோ அதையே எழுத்து மாறாமல் போடுங்கள்.

தேதியில என்ன இருக்கு? நம்பர் எல்லாருக்கும் ஒண்ணுதானே?

சொற்களால் போன பணத்தைவிட தேதியாலும் எண்ணாலும் போன பணம்தான் அதிகமாக இருக்கும் என்பது என் எண்ணம். 05/06/2025 என்று எழுதினால் நமக்கும் ஜெர்மனிக்கும் ஜூன் 5, அமெரிக்காவுக்கு மே 6. ஜப்பானில் ஆண்டை முதலில் போட்டு எழுதுவார்கள். மாதத்தை எழுத்தில் எழுதுங்கள், கூடவே கிழமையையும் போடுங்கள். கிழமை வெறும் அலங்காரம் இல்லை. 'தர்ஸ்டே 5 ஜூன்' என்று எழுதும்போது நீங்கள் தேதியைத் தப்பாக அடித்திருந்தால் கிழமை காட்டிக்கொடுத்துவிடும்.

எண்ணில் இரண்டு கண்ணி. லட்சம், கோடி எழுதாதீர்கள், 1,50,000 என்று நம் பாணியில் காற்புள்ளியும் வைக்காதீர்கள். இன்னொன்று, ஜெர்மனியிலும் இத்தாலியிலும் ஸ்பெயினிலும் புள்ளியும் காற்புள்ளியும் நமக்கு நேர் எதிர். அவர்கள் 1.250 கிலோ என்று எழுதினால் ஆயிரத்து இருநூற்றைம்பது கிலோ. நமக்கு அது ஒன்றேகால் கிலோ. பார்த்தவுடனே அபத்தம் என்று தெரிகிற அளவாக இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம், 2,500 மீட்டர் டேப் என்பதில் யாருக்கும் சந்தேகமே வராது என்று நினைக்கும்போதுதான் மாட்டிக்கொள்வோம். ஆயிரங்களுக்குப் புள்ளியும் வேண்டாம் காற்புள்ளியும் வேண்டாம், 2500 என்று சேர்த்து எழுதினால் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

நேரத்துக்கு 'ஈஓடி' என்று போடுகிறோமே, யாருடைய மாலை? ஜெர்மனி நம்மைவிடக் கோடையில் மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் பின்னால் இருக்கிறது. '17:00 ஜெர்மன் டைம்' என்று எழுதிவிட்டால் தீர்ந்தது.

ஜெர்மன் பையர் 'கேடபிள்யூ 33'ன்னு எழுதறார். அது என்ன, எப்படிப் பதில் எழுதறது?

ஜெர்மனியில் வாரத்துக்கு எண் உண்டு, பேச்சிலேயே அப்படித்தான் சொல்வார்கள். கேடபிள்யூ என்பது காலண்டர் வாரம். திங்களில் தொடங்கும், வருடத்தின் முதல் வியாழக்கிழமை விழுகிற வாரம்தான் முதல் வாரம். 2025இல் 33ஆம் வாரம் ஆகஸ்ட் 11 முதல் 17 வரை. எக்செலில் சாதாரணமாகப் போடும் WEEKNUM இந்தக் கணக்கில் போகாது. அது ஜனவரி 1 இருக்கிற வாரத்தையே முதல் வாரமாக எடுத்துக்கொண்டு ஞாயிறில் தொடங்கும். சரியான சூத்திரம் இது:

```
=ISOWEEKNUM(A1)
```

கொடுமை என்னவென்றால் பல வருடங்களில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும், அதனால் தப்பு தெரியாது. ஜனவரி 1 வெள்ளியிலோ சனியிலோ விழுந்தால் ஒரு வாரம் விலகிவிடும். 2021, 2022 அப்படி, 2027உம் அப்படித்தான். 2022இல் 'கேடபிள்யூ 30' என்று வந்த ஆர்டருக்கு நம் ஷீட்டில் ஜூலை 17 முதல் 23 என்று காட்டியது, பையர் மனதில் இருந்தது ஜூலை 25 முதல் 31. ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் போட்டு, பேக்கிங் ஆட்களைத் திட்டி, முடித்துப் பார்த்தால் யாருமே அந்தச் சரக்கைக் கேட்கவில்லை. பெட்டிகள் குடோனில் ஒரு வாரம் உட்கார்ந்திருந்தன. அதற்கப்புறம் வார எண்ணோடு பதில் எழுதும்போதெல்லாம் பக்கத்திலேயே தேதியும் எழுதுகிறோம்: 'வீக் 33, 11 டு 17 ஆகஸ்ட்'. தப்பாக இருந்தால் அவரே திருத்திவிடுவார்.

நம்ம பக்கம் சரி. அவங்க எழுதறதுல தப்பாப் புரிஞ்சுக்க வாய்ப்பு இருக்கா?

நிறைய. அவர்களும் தங்கள் மொழியில் யோசித்துத்தானே எழுதுகிறார்கள். ஜெர்மன்காரர் 'சென்ட் த சாம்பிள்ஸ் அன்டில் ஃப்ரைடே' என்று எழுதினால் வெள்ளிவரை தினமும் அனுப்பச் சொல்லவில்லை, வெள்ளிக்குள் அனுப்பச் சொல்கிறார். அவர் மொழியில் 'வரை'க்கும் 'க்குள்'ளுக்கும் 'பிஸ்' என்ற ஒரே சொல்தான். 'வி வில் ஈவென்ச்சுவலி நீட் 2000 மோர் பீசஸ்' என்று வந்தால் துள்ளிக் குதித்து நூல் ஆர்டர் போட்டுவிடாதீர்கள். ஆங்கிலத்தில் அதற்குக் 'கடைசியில் எப்படியும் தேவைப்படும்' என்று பொருள், ஜெர்மனியிலும் பிரான்சிலும் இத்தாலியிலும் அதே சாயலுள்ள சொல்லுக்கு 'ஒருவேளை' என்று பொருள். 'ஆக்சுவல் ப்ரைஸ் லிஸ்ட்' கேட்டால் தற்போதைய விலைப்பட்டியல், நம் உண்மையான அடக்கவிலையைக் கேட்கவில்லை.

இதைத் தெரிந்துகொண்டால் நாம் எந்தச் சொற்களைத் தவிர்க்கவேண்டும் என்பதும் தெரிந்துவிடும். 'ஈவென்ச்சுவலி', 'ஆக்சுவல்' இரண்டையும் நானே எழுதுவதை விட்டுவிட்டேன், அதேபோல 'ஷுட்'. 'த குட்ஸ் ஷுட் ரீச் ஹாம்பர்க் ஆன் 3 செப்டம்பர்' என்றால் வந்துவிடும் என்ற எதிர்பார்ப்பா, வந்தே தீரவேண்டும் என்ற கட்டளையா? 'வி எக்ஸ்பெக்ட்' அல்லது 'மஸ்ட்', ஏதாவது ஒன்றை எழுதுங்கள்.

இப்படி வெட்டு வெட்டுன்னு எழுதினா கோவமா எழுதின மாதிரி இருக்காதா? நாளைக்கு ஆர்டர் குடுக்காம போயிட்டா?

நம் மரியாதை வாக்கிய நீளத்தில் இருப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். படிக்கிறவருக்கு அது மரியாதையாகப் போய்ச் சேருவதில்லை, 'கைண்ட்லி', 'ஹம்ப்ளி', 'பேர் வித் அஸ்' எல்லாவற்றையும் தாண்டிக் குதித்து விஷயத்தைத் தேடவேண்டிய வேலையாகத்தான் போய்ச் சேருகிறது. மரியாதையை வாக்கியத்துக்குள் கரைக்காமல் தனி வரியில் வையுங்கள். தொடக்கத்தில் 'தேங்க் யூ ஃபார் த க்விக் கமெண்ட்ஸ்', கேட்கும் இடத்தில் ஒரு 'ப்ளீஸ்', முடிவில் பெயர் சொல்லி ஒரு நன்றி. நடுவில் விஷயம் மட்டும்.

ஜப்பான் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிதானம். அங்கே முதல் இரண்டு வரி நலம் விசாரிப்பு இல்லாமல் நேராக ஆரம்பித்தால் முரட்டுத்தனமாகத் தெரியும். அந்த இரண்டு வரியையும் எழுதுங்கள், ஆனால் அவையும் சின்ன வாக்கியமாக இருக்கட்டும். 'வுட் இட் பை எனி சான்ஸ் பி பாசிபிள்' என்று வளைத்துக் கேட்கவே வேண்டாம்.

'இல்லை', 'முடியாது'ன்னு சொல்றதை எப்படி எழுதறது? நேரா சொல்ல வாய் வரமாட்டேங்குது.

'வி வில் ட்ரை அவர் லெவல் பெஸ்ட்' என்று நாம் எழுதுவதற்கு நம் ஊரில் என்ன பொருள் என்று நமக்குத் தெரியும். பாதிக்குப் பாதி 'நடக்காது' என்றுதான். ஜெர்மன்காரருக்கு அது தெரியாது, நடக்கும் என்று எழுதி வைத்துக்கொள்வார். முடியாததை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு, முடிந்ததை அடுத்த வாக்கியத்தில் சொல்லுங்கள்:

```
We cannot ship 12000 pieces on 14 August.
We can ship 7000 pieces on 14 August
and 5000 pieces on 21 August.
Do you accept this?
```

இன்னொரு விஷயம், எதிர்மறையில் கேள்வி கேட்காதீர்கள். 'டோன்ட் யூ நீட் ஹேங் டேக்ஸ்?' என்று கேட்டால் ஜப்பானிலிருந்து 'யெஸ்' என்று வரும். அதற்கு 'ஆமாம், வேண்டாம்' என்று பொருள். நாமும் அப்படித்தானே, 'சாப்பிடலையா?' என்றால் 'ஆமா, சாப்பிடலை' என்கிறோம். ஆங்கிலத்தில் அதற்கு 'நோ' என்று வரவேண்டும். ஸ்பெயினிலிருந்து வரும் 'யெஸ்' வேறு, ஒசாகாவிலிருந்து வரும் 'யெஸ்' வேறு. 'டூ யூ நீட் ஹேங் டேக்ஸ்?' என்று கேட்டுவிட்டால் எங்கிருந்து வந்தாலும் ஒரே 'யெஸ்'.

'அன்லெஸ் வி ஹியர் ஃப்ரம் யூ வி வில் கோ அஹெட்'னு போட்டுட்டா பதிலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லையே?

துணி வெட்டுவதற்கு முன்னால் இதை நம்பாதீர்கள். 'அன்லெஸ்' என்பது தலைகீழாக யோசிக்கவேண்டிய சொல், படிப்பவர் 'இஃப்' என்று படித்துவிட்டால் தன்னிடமிருந்து பதில் வரும்வரை நாம் வெட்டமாட்டோம் என்று எண்ணிக்கொள்வார். அவர் விடுமுறையில் இருந்தால் படித்தே இருக்கமாட்டார். அவர் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள், பேசாமல் இருந்தால் வேலை நிற்கும் என்று அவர் நினைக்கிறார். பட்டன் கவர் நிறம் மாதிரி சின்ன விஷயத்துக்கு வேண்டுமானால் 'இஃப் யூ டு நாட் ரிப்ளை பை மண்டே 28 ஜூலை, வி வில் யூஸ் ஒயிட்' என்று தேதியோடு எழுதலாம். பல்க் கட்டிங்குக்கு 'யெஸ்' என்று எழுத்தில் வரவேண்டும்.

எங்க பையர் லண்டன்காரர், இங்கிலீஷ் அவருக்குத் தாய்மொழி. அவருக்குமா இப்படி?

அவர் உங்கள் மெயிலைப் படித்துவிட்டு என்ன செய்கிறார் என்று பாருங்கள். துருக்கியில் இருக்கும் லேபிள் சப்ளையருக்கும், வேறு நாட்டில் இருக்கும் தரப்பரிசோதனைக்காரருக்கும் அப்படியே ஃபார்வர்டு செய்கிறார். உங்கள் வாக்கியம் கடைசியில் யாரிடம் போய் நிற்கும் என்று உங்களுக்குத் தெரியாது. அதுவும் தவிர, போனில் ரயிலில் நின்றுகொண்டு படிக்கிற லண்டன்காரரும் 63 சொல் வாக்கியத்துக்கு நன்றி சொல்லப்போவதில்லை.

எங்க எம்.டி. 'என்னப்பா எல்.கே.ஜி. இங்கிலீஷ்'ங்கறார். என்ன பண்றது?

அவருக்குப் போகும் காப்பியில் முதல் வரியில் ஒரு 'டியர் சார், கிரீட்டிங்ஸ் ஆஃப் த டே' சேர்த்துவிடுங்கள், பாதி சமாதானமாகிவிடுவார். மீதிப் பாதிக்கு, பழைய பாணியில் போன மெயிலுக்கு எத்தனை எதிர்க்கேள்வி வந்தது, புதிய பாணிக்கு எத்தனை வந்தது என்று ஒரு ஆர்டரின் மெயில் கோர்வையை மட்டும் எடுத்துக் காட்டுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் திருத்தச் சொல்வதை நிறுத்திவிட்டார்.

எல்லாம் பண்ணியாச்சு. அவருக்குப் புரிஞ்சுதா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

'டிட் யூ அண்டர்ஸ்டாண்ட்?' என்று மட்டும் கேட்காதீர்கள், புரியவில்லை என்று யார் சொல்வார்கள்? பதிலில் உங்கள் எண்ணோ தேதியோ திரும்ப வந்திருக்கிறதா என்று பாருங்கள். 'ஓகே நோட்டட்' என்று மட்டும் வந்தால், மேலே நேவி டையிங் கதையில் பார்த்தோமே, அது கிடைத்தது என்பதற்கான ரசீது, அவ்வளவுதான். மூன்று கேள்வி கேட்டு முதல் கேள்விக்கு மட்டும் பதில் வந்தால், மற்ற இரண்டும் பத்திக்குள் புதைந்திருந்தன என்று அர்த்தம். அடுத்த தடவை கேள்விகளுக்கு 1, 2, 3 என்று எண் போட்டு ஒவ்வொன்றையும் தனி வரியில் வையுங்கள், அவர் எண்ணுக்குக் கீழேயே பதில் எழுதுவார். நீங்கள் சொல்லிவிட்ட ஒன்றையே அவர் கேள்வியாகத் திருப்பிக் கேட்டால் எரிச்சல்பட்டு பழைய மெயிலை ஃபார்வர்டு செய்யாமல், அந்த வாக்கியத்தை வேறு மாதிரி எழுதுங்கள். முதல் தடவை புரியாதது இரண்டாம் தடவையும் புரியாது.

தேதியும் எண்ணிக்கையும் பணமும் சம்பந்தப்பட்டிருந்தால் நான் 'ப்ளீஸ் ரைட் த நியூ டேட் இன் யுவர் ரிப்ளை' என்று வெளிப்படையாகவே கேட்டுவிடுகிறேன். அவர் தன் கையால் '21 ஆகஸ்ட்' என்று அடித்து அனுப்பிய பிறகுதான் ஷீட்டில் தேதியை மாற்றுவேன்.